கதாநாயகன் எப்படித் தப்பினான்? கதைக்கவசத்தைச் சரிபார்க்க ஒரு வழிகாட்டி

நான் எழுதிய முதல் சாகசத் தொடரின் 13-ஆம் அத்தியாயத்தில் கதிர் ஒரு தொங்குபாலத்தின் நடுவில் நிற்கிறான். இரண்டு கரையிலும் சேர்த்து ஆறு பேர், ஆறு பேர் கையிலும் துப்பாக்கி. பாலத்தை வெட்டிவிடுகிறார்கள். அவன் 30 மீட்டர் கீழே ஆற்றில் விழுகிறான், மேலிருந்து சுடுகிறார்கள், ஒரு குண்டுகூடப் படவில்லை, அடுத்த அத்தியாயம் தொடங்கும்போது கரையில் உட்கார்ந்து சட்டையைப் பிழிந்துகொண்டிருக்கிறான். எழுதும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது. முதல் அத்தியாயத்திலிருந்து விடாமல் படித்து வந்த ஒரு வாசகி அதற்கு ஒரே வரியில் பதில் எழுதினார்: "இனி இவனுக்கு என்ன ஆனாலும் நான் கவலைப்படப் போவதில்லை." அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. கவலைப்படப் போவதில்லை என்றதுதான் உறுத்தியது.

இதைத்தான் பிளாட் ஆர்மர் என்கிறார்கள். நான் கதைக்கவசம் என்று சொல்லிக்கொள்கிறேன். கதைக்கு அவன் தேவை என்பதால் அவன் சாகவில்லை, வேறு காரணம் எதுவும் கண்ணில் படவில்லை, அதுதான் விஷயம். கவசம் இருப்பது தவறில்லை. கர்ணனுக்குக் கூடத்தான் கவசம் இருந்தது. ஆனால் அது அவனுக்கு எப்போது வந்தது என்று நமக்கு முன்பே தெரியும், அதை யார் கேட்டு வாங்கினார்கள் என்பதும் தெரியும், வாங்கியபிறகு அது திரும்பி வரவில்லை. நம் கதைகளில் கவசம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரியாது, ஒருநாளும் கழன்று விழுவதுமில்லை.

அந்தத் தொடரை நான் திருத்தி முடிக்க ஏழு வாரம் ஆனது. அதில் முதல் நான்கு வாரம் தப்பான இடத்தைத் திருத்தினேன். நீங்கள் அந்த நான்கு வாரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதற்காகத்தான் இது. முழுக்கதை கையில் இருந்தாலும் சரி, பாதி வரை வந்து நிற்கிறது என்றாலும் சரி, கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். வரிசையை மாற்றினால் ஒரே காட்சியை மூன்று தடவை எழுத வேண்டி வரும்.

1. முதலில் ஒரு கணக்கு நோட்டு போடுங்கள்

எழுத்தைத் தொடாதீர்கள். ஒரு தாளில் ஆறு கட்டம் போட்டு, கதையில் கதாநாயகன் செத்திருக்கக்கூடிய ஒவ்வொரு இடத்தையும் வரிசையாக எழுதுங்கள். அத்தியாய எண், என்ன ஆபத்து, நியாயமாகப் பார்த்தால் என்ன நடந்திருக்கும், எது காப்பாற்றியது, அந்தக் காப்பாற்றிய பொருளோ ஆளோ முன்பு எந்த அத்தியாயத்தில் வந்தது, தப்பியதற்கு அவன் என்ன இழந்தான். இவ்வளவுதான்.

"நியாயமாகப் பார்த்தால்" என்ற கட்டத்தில்தான் நாம் நம்மை ஏமாற்றிக்கொள்வோம். நானும் முதலில் "காயம் பட்டிருக்கும்" என்று எழுதி நகர்ந்துவிட்டேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 30 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறவன் சுமார் இரண்டரை வினாடியில் தண்ணீரைத் தொடுவான், அப்போது அவனுடைய வேகம் மணிக்கு 87 கிலோமீட்டர் அளவுக்கு இருக்கும். தண்ணீர்தானே என்று நினைக்கிறோம், அந்த வேகத்தில் தண்ணீர் மெத்தை இல்லை. எலும்பு முறியும், நுரையீரல் அடிவாங்கும், நினைவு தப்பினால் அப்படியே மூழ்குவான். சட்டையைப் பிழிவதெல்லாம் நடக்காத காரியம்.

துப்பாக்கிக் காயமும் அப்படித்தான். "தோளில்தான் பட்டது" என்று எழுதிவிட்டு அவனைச் சண்டைக்கு அனுப்பிவிடுகிறோம். தோளெலும்புக்குக் கீழே பெரிய ரத்தக்குழாய் போகிறது, கை முழுவதற்கும் போகும் நரம்புக் கற்றை போகிறது. அங்கே பட்டால் நிமிடங்களில் ஆள் போய்விடலாம், பிழைத்தாலும் அந்தக் கை பழையபடி வராமல் போகலாம். தலையில் அடித்து மயங்க வைத்து, இரண்டு மணிநேரம் கழித்துத் தெளிய வைத்து, உடனே ஓடவிடுவது இன்னொன்று. அடிபட்ட மயக்கம் சில நிமிடங்களைத் தாண்டினாலே அது மூளைக் காயம், மருத்துவமனை விவகாரம். வாசகர்களில் யாராவது ஒருவருக்கு இது தெரிந்திருக்கும். அவர் சொல்லமாட்டார், மூடிவைத்துவிட்டுப் போய்விடுவார்.

என் நோட்டில் 24 அத்தியாயத்துக்கு 11 ஆபத்துகள் வந்தன. அவற்றில் ஐந்து முறை அதிர்ஷ்டம் காப்பாற்றியது. நான்கு முறை யாரோ சரியான நேரத்துக்கு வந்து காப்பாற்றினார்கள். இரண்டே முறைதான் கதிர் தானாக ஏதோ செய்து தப்பினான். என்ன இழந்தான் என்ற கட்டத்தில் பத்து வரிசை காலி. மிச்சம் ஒன்றில் "சட்டை கிழிந்தது" என்று இருந்தது. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், அப்புறம் இரண்டு நாள் எழுதவில்லை.

இந்த நோட்டுக்கு ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். அரைநாளில் முடித்தால் நீங்கள் சிறிய ஆபத்துகளை விட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். சிறியவைதான் பெரும்பாலும் நம்பிக்கையைக் கெடுக்கின்றன, அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

2. வில்லன் பக்கம் போய் நின்று பாருங்கள்

நான் நான்கு வாரத்தைத் தொலைத்தது இதைச் செய்யாததால்தான். கதிர் எப்படித் தப்பினான் என்பதையே மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். மரக்கிளையைப் பிடித்தான், பாறை இடுக்கில் ஒளிந்தான், மூங்கில் குழாய் வழியாக மூச்சு விட்டான். ஒன்றும் தேறவில்லை. ஏனென்றால் கோளாறு கதிரிடம் இல்லை. ஆறு துப்பாக்கியோடு வந்தவர்கள் அவனை ஏன் கொல்லாமல் விட்டார்கள் என்பதற்கு என்னிடம் பதிலே இல்லை.

கதைக்கவசம் என்று வாசகர்கள் புகார் சொல்லும் இடங்களில் பாதிக்கு மேல் உண்மையில் வில்லனின் முட்டாள்தனம்தான். முந்தைய காட்சியில் குறிதவறாமல் சுட்டவன் கதாநாயகனைப் பார்த்ததும் கைநடுங்கிப் போகிறான். பிடித்துக் கட்டிப்போட்டவன் திட்டம் முழுவதையும் சொல்லிவிட்டு வெளியே போய்விடுகிறான். பத்துப் பேர் சூழ்ந்தால் ஒவ்வொருவராக வரிசையில் வந்து அடி வாங்குகிறார்கள்.

ஆகவே ஒவ்வொரு ஆபத்துக் காட்சியையும் வில்லன் சொல்வதுபோல ஒரு பத்தி எழுதுங்கள். இது கதையில் வராது, உங்களுக்கு மட்டும். "எனக்கு என்ன வேண்டும், என் கையில் என்ன இருக்கிறது, நான் ஏன் இப்போதே இவனை முடிக்கவில்லை?" கடைசிக் கேள்விக்கு நேர்மையான பதில் வரவில்லை என்றால் இரண்டு வழி. ஒன்று, ஆபத்தைக் குறையுங்கள். ஆறு துப்பாக்கி இரண்டாகட்டும். எண்ணிக்கையைக் கூட்டினால் பதற்றம் கூடும் என்பது நம்முடைய கற்பனை. இரண்டு பேரிடமிருந்து ஒருவன் எப்படித் தப்புவான் என்று வாசகர் மனதுக்குள் வழி தேடுவார். ஆறு பேர் என்றதுமே தேடுவதை விட்டுவிடுவார், ஆசிரியர் ஏதாவது செய்வார் என்று காத்திருப்பார்.

இரண்டாவது, அவனை உயிரோடு வைத்திருக்க வில்லனுக்கு ஒரு காரணம் கொடுங்கள். என் கதையில் கதிரிடம் ஒரு வரைபடம் இருந்தது, துரைசிங்கத்துக்கு அதுதான் வேண்டும். அப்படியிருக்க வரைபடத்தைச் சட்டைப்பையில் வைத்திருப்பவனை அவன் ஏன் ஆற்றில் தள்ளுகிறான்? 13 அத்தியாயம் எழுதிய எனக்கு இந்தக் கேள்வி ஒருதடவைகூட வரவில்லை.

இதில் ஒரு பொறி உண்டு. உயிரோடு விடுவதற்கான காரணத்துக்குக் காலாவதித் தேதி இருக்கிறது. வில்லனுக்கு வேண்டியது கிடைத்த நொடியில் அந்தக் காரணம் செத்துப்போகும், அதற்கு அடுத்த நொடியில் அவன் சுட வேண்டும். அப்போதும் சுடாமல் பேசிக்கொண்டிருந்தால் நீங்கள் கட்டியதெல்லாம் இடிந்துவிடும். நோட்டில் ஏழாவதாக ஒரு கட்டம் சேர்த்து, காரணம் எந்த அத்தியாயம் வரை செல்லும் என்று எழுதிவையுங்கள்.

3. காப்பாற்றப்போகும் பொருளை எப்போது காட்டுவது

எது காப்பாற்றுகிறது என்பதைவிட அது எப்போது முதலில் கண்ணில் பட்டது என்பதுதான் வாசகருக்கு முக்கியம். ஒரு கயிறு ஆபத்து வந்தபிறகு அகப்பட்டால் அது அதிர்ஷ்டம். அதே கயிறு எட்டு அத்தியாயத்துக்கு முன்பு வந்து, நாமும் பார்த்துவிட்டு மறந்திருந்தால், "அடடா, அந்தக் கயிறு" என்று வாசகர் தன்னைத்தானே மெச்சிக்கொள்வார்.

காட்சிக்குக் காட்சி தூரம் எவ்வளவு இருக்க வேண்டும்? நான் கண்டவரை, முந்தைய அத்தியாயத்தில் காட்டினால் பயனில்லை. வாசகர் இரண்டையும் உடனே முடிச்சுப் போட்டுவிடுவார். மிகவும் முன்னால் காட்டினால் மறந்தே போவார், குறிப்பாக வாரம் ஒன்றாக வெளிவரும் தொடரில். 13-இல் தேவைப்படும் பொருளை நான் 5-இல் காட்டினேன், 9-இல் போகிறபோக்கில் ஒரு வரியில் நினைவுபடுத்தினேன். 24 அத்தியாயக் கதைக்கு அது சரியாக அமைந்தது. ஒரே மூச்சில் படிக்கப்படும் சிறுகதை என்றால் நினைவூட்டல் வேண்டியதில்லை.

எப்படிக் காட்டுவது என்பதில்தான் புதியவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். பொருளைக் காட்டுவதற்காகவே ஒரு காட்சி எழுதாதீர்கள். "அங்கே ஒரு நீண்ட, உறுதியான கயிறு தொங்கிக்கொண்டிருந்தது" என்று தனியாக ஒரு வாக்கியம் வந்தால் வாசகர் அதன்மேல் கொடி நட்டுவிடுவார். அந்தக் காட்சிக்கு வேறு வேலை இருக்க வேண்டும், நம் கண் அந்த வேலையில் இருக்க வேண்டும். என் திருத்தத்தில் 5-ஆம் அத்தியாயத்தில் பாலத்தைக் காவல் காக்கும் கிழவி ஒருத்தி வருகிறாள். பாலத்தின் நடுவிலிருந்து வாளியைக் கயிற்றில் இறக்கி ஆற்றுத் தண்ணீர் எடுத்துக்கொண்டே, பாலத்தைக் கடக்கக் காசு கேட்டுக் கதிரோடு சண்டை போடுகிறாள். அவன் காசு இல்லை என்கிறான், அவள் விடுவதாக இல்லை. வாசகர் சண்டையைப் படிக்கிறார். கயிறு சும்மா அங்கே இருக்கிறது, ஆற்றுத் தண்ணீரைத் தொடும் நீளம் என்பது தானாகவே தெரிந்துபோகிறது.

காப்பாற்றுவது ஒரு ஆள் என்றால் இன்னும் கவனம் தேவை. கடைசி நிமிடத்தில் வந்து சேரும் நண்பனை முழுக்கதையில் ஒருமுறை மன்னிப்பார்கள். அப்போதும் அவன் எங்கிருந்து கிளம்பினான், எத்தனை மணிக்குக் கிளம்பினான், அந்தத் தூரத்தை அந்த நேரத்தில் கடக்க முடியுமா என்று நோட்டில் எழுதிப் பாருங்கள். என் கதையில் ஒருவன் ஒரு நாள் நடைத் தூரத்தை ஒரு பக்கத்தில் கடந்திருந்தான்.

4. செலவைக் கட்டவையுங்கள்

ஒவ்வொரு தப்பிப்புக்கும் ஒரு பில் வரும், அதை யாராவது கட்ட வேண்டும். உடம்பாலோ, பொருளாலோ, நேரத்தாலோ, இன்னொரு ஆளின் நம்பிக்கையாலோ. காலியாக இருந்த பத்துக் கட்டத்தையும் நிரப்ப வேண்டும் என்று இல்லை. பெரிய ஆபத்துகள் மூன்று நான்குக்குச் செலவு சரியாக இருந்தால் சின்னவற்றை வாசகர் கணக்கில் எடுப்பதில்லை.

கல்கியின் பொன்னியின் செல்வன் 1950-இலிருந்து 1954 வரை தொடராக வந்தது, அதில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. புயலில் நடுக்கடலில் அருள்மொழிவர்மர் சிக்குகிறார். அவர்தான் பின்னாளில் ராஜராஜ சோழர், ஆகவே சாகமாட்டார் என்று படிக்கிற எல்லாருக்கும் தெரியும். இதைவிடக் கெட்டியான கவசம் ஒரு பாத்திரத்துக்கு அமையாது. அவரையும் வந்தியத்தேவனையும் கடலிலிருந்து மீட்கிறவள் பூங்குழலி. அவள் படகோட்டி என்பதும், வந்தியத்தேவனையே முன்பு இலங்கைக்குப் படகில் கொண்டுபோய் விட்டவள் என்பதும் நமக்கு ஏற்கெனவே தெரியும். மீண்டு வந்த இளவரசர் எழுந்து குதிரையேறிப் போய்விடுவதில்லை. கடுங்காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடக்கிறார், நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு மறைவாகக் கொண்டுபோய் வைத்தியம் பார்க்கிறார்கள். அதற்குள் அவர் கடலில் மூழ்கிவிட்டார் என்ற செய்தி பரவி, அரண்மனையிலும் நாட்டிலும் குழப்பம் தொடங்கிவிடுகிறது. பிழைப்பாரா என்ற கேள்வி அங்கே இல்லவே இல்லை. அவர் இறந்ததாக ஊர் நம்பும் நாட்களில் யார் யார் என்ன செய்வார்கள் என்பதுதான் நம்மை இழுத்துக்கொண்டு போகிறது.

உடல் காயத்தைச் செலவாக வைத்தால் நாட்காட்டி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். முறிந்த விலா எலும்பு ஆற ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும், அதுவரை இருமினாலும் சிரித்தாலும் வலிக்கும். உங்கள் கதை மொத்தமே பன்னிரண்டு நாளில் நடக்கிறது என்றால், 13-இல் முறிந்த விலா 24-இலும் முறிந்தேதான் இருக்கும். நிறையப் பேர் அடிபட்ட அத்தியாயத்தில் வலியை நன்றாக எழுதுகிறார்கள், அடுத்த அத்தியாயத்தில் ஒருமுறை முனக விடுகிறார்கள், அதற்கடுத்ததில் அவன் சுவர் ஏறிக் குதிக்கிறான். செலவு கட்டியதுபோல நடிப்பதைவிடச் செலவே இல்லாமல் விடுவது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு தப்பு, கதாநாயகனுக்குப் பதிலாகத் துணைப் பாத்திரத்தைக் கொன்று பில்லைக் கட்டுவது. ஒருமுறை செல்லும். ஆனால் அந்த ஆள் சாவதற்கு முந்தின பக்கத்தில்தான் அவனுக்கு ஒரு பெண்குழந்தை இருப்பது தெரியவருகிறது என்றால், வாசகர் சாவை முன்கூட்டியே எழுதி முடித்திருப்பார். கதாநாயகன் இறந்துவிட்டதாகக் காட்டி இரண்டு அத்தியாயம் கழித்துக் கொண்டுவருவதும் அப்படித்தான், உடலைக் காட்டாத சாவை இப்போது யாரும் நம்புவதில்லை. நான் ஒருமுறை செய்தேன். ஐந்து பேர் எழுதினார்கள், ஐந்து பேரும் அவன் எப்போது வருவான் என்றுதான் கேட்டார்கள்.

5. பாலத்துக் காட்சியைத் திரும்பக் கட்டியது

மேலே சொன்னவற்றை அந்த ஒரே காட்சியில் எப்படிச் சேர்த்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் பாலத்தின் உயரத்தை 15 மீட்டராகக் குறைத்தேன், ஆட்களை இரண்டாக்கினேன், மூன்றாவதாகத் துரைசிங்கம். பாலத்தை யாரும் வெட்டவில்லை, வெட்ட மாட்டார்கள், வரைபடம் நடுவில் நிற்கிறது. இரண்டு முனையையும் அடைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள், அவசரப்பட அவர்களுக்குக் காரணமே இல்லை.

கதிர் வரைபடத்தைக் கைப்பிடிக் கயிற்றுக்கு வெளியே நீட்டிப் பிடிக்கிறான். சுட்டால் அது ஆற்றில் விழும். இந்த இடத்தில் பழைய நான் யாரையாவது அழைத்து வந்திருப்பேன். இப்போது அவன் யோசிக்கட்டும் என்று விட்டேன். வரைபடம் கையில் இருக்கும்வரை அவனைச் சுட மாட்டார்கள், ஆனால் கைவலிக்கும், இருட்டும், எப்படியும் பிடுங்குவார்கள், பிடுங்கினால் சுடுவார்கள். வரைபடம் இல்லாமல் போய்விட்டால்? அதைப் படித்தவன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான். அப்போது துரைசிங்கத்துக்கு அவன் தலை முழுதாக வேண்டும்.

அவனே அதைக் கிழித்து ஆற்றில் விடுகிறான்.

அவன் ஆறு அத்தியாயமாக உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியது அதைத்தான், அவனுடைய இறந்துபோன அப்பாவின் கையெழுத்து இருந்த ஒரே தாளும் அதுதான். கவசத்தை ஆசிரியர் மாட்டிவிடவில்லை, அவனாக விலைகொடுத்து வாங்கிக்கொண்டான். "சுடாதே!" என்று கத்துகிறவன் இப்போது வில்லன். அடியாட்கள் ஒரு நொடி விழிக்கிறார்கள், அவன் வாளிக்கயிற்றைப் பிடித்துச் சரிகிறான். 15 மீட்டரை வெறுங்கையால் சரிந்தால் உள்ளங்கைத் தோல் மிஞ்சாது. தண்ணீரில் இறங்கும்போது அவனுக்குக் கையை மூடமுடியவில்லை, நீந்தமுடியவில்லை, ஆறு இழுத்துக்கொண்டு போகிறது.

பில் இங்கே முடியவில்லை. 16-இல் அவன் துப்பாக்கி பிடிக்கவேண்டிய இடத்தில் பிடிக்க முடியாமல், கூட வந்த பெண்ணிடம் கொடுக்கிறான், அதுவரை அவளை நம்பாதவன். அப்புறம் கயிறு யாருடையது என்று துரைசிங்கம் விசாரிக்கிறான். கிழவியின் குடிசையைக் கொளுத்துகிறார்கள். கதிர் அவளிடம் பாலக்காசைக் கொடுக்காமலே போனவன் என்பது வாசகருக்கு நினைவிருக்கும், நான் சொல்லவில்லை.

காலாவதித் தேதி 21-ஆம் அத்தியாயம். அங்கே கதிர் வழியைச் சொல்லிவிடுகிறான், துரைசிங்கம் அடுத்த வாக்கியத்திலேயே சுடுகிறான். பேச்சே இல்லை. அந்தக் குண்டிலிருந்து அவன் எப்படித் தப்பினான் என்பதற்குத் தனியாக ஒரு வாரம் போனது.

6. நம்பிக்கை எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பது

உங்கள் கதையை நீங்கள் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, உங்களுக்கு முடிவு தெரியும். மூன்று பேர் போதும். அதிகம் பேரிடம் கொடுத்தால் கருத்துகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஆபத்தின் உச்சத்தில் பக்கத்தை நிறுத்திக்கொடுத்து ஒரே கேள்வி கேளுங்கள்: "இப்போது என்ன ஆகும்?" எழுதித்தரச் சொல்லுங்கள், பேசினால் உங்கள் முகத்தைப் பார்த்து மாற்றிச் சொல்வார்கள்.

பதிலை இப்படிப் படிக்க வேண்டும். "கயிறு இருந்ததே, அதைப் பிடிப்பானோ?" என்று எழுதினால் நல்லது, ஊகம் தப்பாக இருந்தாலும் நல்லது, அவர் கதைக்குள் இருக்கிறார். மூன்று பேருமே சரியாக ஊகித்தால் நீங்கள் பொருளை அதிகம் காட்டிவிட்டீர்கள், 9-ஆம் அத்தியாய நினைவூட்டலை எடுத்துவிடுங்கள். "எப்படியோ தப்பிவிடுவான்" என்று வந்தால் அங்கே கோளாறு. "எப்படியோ" என்ற சொல்லைத்தான் நான் தேடுவேன்.

"எப்படியோ" வருகிற இடத்தில் திருத்தத் தொடங்காதீர்கள், அதற்கு முந்தைய ஆபத்துக்குப் போங்கள். நம்பிக்கை பெரும்பாலும் பெரிய காட்சியில் உடைவதில்லை, அதற்கு முன்பே கீறல் விழுந்திருக்கும். என் வாசகி பாலத்தில் கைவிட்டார் என்று நினைத்தேன். பிறகு மூன்று பேரிடம் சோதித்தபோது மூவரும் 10-ஆம் அத்தியாயத்திலேயே "எப்படியோ" என்று எழுதியிருந்தார்கள். அங்கே பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு காவலாளியின் துப்பாக்கி சிக்கிக்கொள்கிறது. ஆனால் 4-இலும் ஒரு துப்பாக்கி சிக்கியிருந்தது. நான் மறந்துவிட்டேன், அவர்கள் மறக்கவில்லை. முதல்முறை சிக்கியது துப்பாக்கிக் கோளாறு, இரண்டாம்முறை சிக்கியது ஆசிரியர்.

அதிர்ஷ்டத்துக்கு என் கணக்கு இது. அவனை ஆபத்தில் மாட்டிவிடும் அதிர்ஷ்டக்கேடு எத்தனை வேண்டுமானாலும் வரலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஆபத்திலிருந்து எடுத்துவிடும் அதிர்ஷ்டம் ஒன்றே ஒன்று, அதையும் கதையின் முதல் கால்பகுதியில் செலவழித்துவிடுங்கள். கடைசி ஆபத்தில் அதிர்ஷ்டம் வந்தால் முன்னால் கட்டிய செலவெல்லாம் வீண்.

எல்லாக் கதைக்கும் ஒரே அளவுகோல் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உங்கள் முதல் ஆபத்துக் காட்சிதான் சட்டத்தை எழுதுகிறது. அங்கே கதாநாயகன் மூன்றாம் மாடியிலிருந்து வைக்கோல் வண்டியில் விழுந்து மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தால், வாசகர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார், 13-இல் 30 மீட்டர் விழுந்தாலும் கேட்கமாட்டார். முதல் அத்தியாயத்தில் ஒருவனைச் சின்னக் காயத்தில் சீழ்பிடித்துச் சாகவிட்டு, கதாநாயகனை மட்டும் வைக்கோல் வண்டியில் விழவைத்தால்தான் சண்டை வரும். நான் அதைத்தான் செய்திருந்தேன். முதல் அத்தியாயத்தில் கதிரின் அப்பா கல் தடுக்கி விழுந்து இறக்கிறார்.

7. எந்த வரிசையில், எவ்வளவு நேரம்

நோட்டுக்கு ஒரு நாள். வில்லன் பத்திகளுக்கு, 11 ஆபத்து என்றால், நான்கைந்து மாலை. இது முடிந்ததும் பல ஆபத்துகளைத் திருத்தத் தேவையில்லை, எடுத்துவிடலாம் என்று தெரியும். நான் 11-ஐ ஏழாகக் குறைத்தேன், கதை சுருங்கவில்லை. பிறகு கடைசி ஆபத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கித் திருத்துங்கள், முன்னோக்கிப் போனால் ஒவ்வொரு பொருளையும் நடுவதற்கு மறுபடி மறுபடி பழைய அத்தியாயத்துக்கு ஓட வேண்டும். வாசகர் சோதனைக்கு இரண்டு வாரம் விடுங்கள், அவர்கள் சொன்ன தேதியில் தரமாட்டார்கள். தொடர் ஏற்கெனவே வெளிவந்துகொண்டிருந்தால் பழைய அத்தியாயங்களைச் சத்தமில்லாமல் மாற்றாதீர்கள், கண்டுபிடித்துவிடுவார்கள். வெளிவராத அத்தியாயத்தில் செலவைக் கட்டிவிடுங்கள்: தப்பிவந்த கதாநாயகனுக்குத் தாமதமாகவாவது காய்ச்சல் வரட்டும்.

10-ஆம் அத்தியாயத்துத் துப்பாக்கியை நான் எடுக்கவில்லை. அது இன்னமும் சிக்குகிறது. ஆனால் இப்போது கதிர் ஓடுவதில்லை, நின்று காவலாளியைப் பார்க்கிறான், காவலாளி துப்பாக்கியைப் பார்க்கிறான், "4-ஆம் நாளும் இதேதான் ஆச்சு, சொன்னா யார் கேக்கறாங்க" என்கிறான். அந்த வாசகி அந்த இடத்துக்கு மட்டும் சிரித்து எழுதியிருந்தார்.